கடலுக்கு அடியில் ஒரு பள்ளம்: துறைமுகங்கள் ஏன் ஓயாமல் தூர்வாருகின்றன?

இரண்டு கண்ணாடி பாட்டில்களில் மழைத்தண்ணீரை நிரப்பி, இரண்டிலும் ஒரு பிடி களிமண்ணைக் கரைத்துக் குலுக்குங்கள். ஒன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி உப்பு போடுங்கள். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் உப்புப் போட்ட பாட்டிலின் மேற்பகுதி தெளிந்திருக்கும். அடியில் பஞ்சு போல ஒரு படிவு உட்கார்ந்திருக்கும். உப்பில்லாத பாட்டில் மறுநாளும் கலங்கியே நிற்கும். ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் துறைமுகங்களைத் தூர்வார வேண்டியிருப்பதற்கான காரணத்தில் பாதி இந்த உப்புப் போட்ட பாட்டிலில் இருக்கிறது.

களிமண்ணின் ஒரு துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். அசையாத தண்ணீரில் அது 16 மீட்டர் ஆழத்துக்குத் தனியாக இறங்க ஏழு வாரம் ஆகும். அசையாத கடல் என்று ஒன்று இல்லாததால் அது இறங்கவே இறங்காது என்று வைத்துக்கொள்ளலாம். நன்னீரில் இந்தத் துகள்கள் மேற்பரப்பு மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கித் தள்ளிக்கொண்டே மிதந்து வருகின்றன. ஆறு கடலைத் தொடும் இடத்தில் உப்பு அந்த விலக்கத்தைத் தணித்துவிடுகிறது. மோதும் துகள்கள் ஒட்டிக்கொண்டு திரளைகளாகின்றன. ஒரு திரளை அதே 16 மீட்டரை ஐந்து முதல் எட்டு மணி நேரத்தில் கடந்துவிடும். ஆறு நூறு நூறு கிலோமீட்டராகச் சுமந்து வந்த மண், கப்பல்கள் நுழையும் வாசலிலேயே கீழே விழத் தொடங்குகிறது.

மறுபாதிக் காரணம் நாம் வெட்டிய பள்ளமே.

கரையோரக் கடலின் இயல்பான ஆழம் பல இடங்களில் எட்டு மீட்டர்தான். பெரிய கப்பலுக்கு அது போதாது என்பதால் தரையில் ஒரு நீண்ட பள்ளம் வெட்டி, கடலிலிருந்து கப்பல்துறை வரை கொண்டுவருகிறார்கள். இதுதான் கப்பல் கால்வாய். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர்தான். இரண்டு பக்கமும் மிதக்கும் பச்சை, சிவப்பு மிதவைகளை வைத்துத்தான் கால்வாய் எங்கே என்று தெரியும். எட்டு மீட்டர் ஆழத்தில் குறுக்காக வரும் நீரோட்டம் 16 மீட்டர் ஆழமுள்ள இந்தப் பள்ளத்தின் மேல் வரும்போது, அதே தண்ணீருக்கு இருமடங்கு இடம் கிடைக்கிறது. ஆகவே வேகம் பாதியாகிறது. தரையிலிருந்து மண்ணைக் கிளப்பும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால் அது கால்பங்காகிவிடுகிறது. ஓட்டம் சுமந்து வந்த மண்ணை இறக்கிவைக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. புயலில் அலைகள் இரு பக்கத்துத் திட்டுகளைக் கலக்கினால், அந்தச் சேறு கனமான குழம்பாகத் தரையோடு தவழ்ந்து வந்து பள்ளத்தில் இறங்கும். மணல் கரையென்றால் அலைகள் கரையோரமாக நகர்த்தும் மணல் கால்வாயைக் குறுக்கே கடக்க முயன்று உள்ளே விழும்.

எவ்வளவு ஆழமாக வெட்டுகிறோமோ அவ்வளவு வேகமாகத் தூர்கிறது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். முதல்முறை வெட்டும் செலவை மட்டும் கணக்கிட்டு ஆழத்தை முடிவு செய்யும் திட்டங்களைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வருவது இதனால்தான். கால்வாயை ஒருமுறை வெட்டலாம். பிறகு ஆண்டுதோறும் அதற்குப் படியளக்க வேண்டும்.

கப்பலுக்கு எவ்வளவு ஆழம் வேண்டும்? தண்ணீருக்குள் 14 மீட்டர் மூழ்கி நிற்கும் கப்பலுக்கு 14 மீட்டர் போதாது. ஓடும் கப்பல், தன் அடியில் ஒடுங்கிய இடத்தில் தண்ணீரை வேகமாகப் பின்னே தள்ளுகிறது; அங்கே அழுத்தம் குறைந்து, கப்பல் கீழே அமிழ்கிறது. 10 நாட், அதாவது மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர் வேகத்தில் பெரிய கப்பல் அரை மீட்டருக்கு மேல் இப்படி இறங்கும். வேகத்தைப் பாதியாக்கினால் அமிழ்வு கால்பங்காகும் என்பதால் ஆழம் குறைந்த இடத்தில் வழிகாட்டி மாலுமிகள் முதலில் வேகத்தைத்தான் குறைக்கச் சொல்வார்கள். அலையில் ஏறி இறங்குவதற்குக் கொஞ்சம், அளவீட்டுப் பிழைக்குக் கொஞ்சம், நன்னீர் கலந்த இடத்தில் கப்பல் கூடுதலாக மூழ்குவதற்குக் கொஞ்சம் என்று சேர்த்தால் 16 மீட்டர் தேவைப்படும். கால்வாய் தூர்ந்துபோனால் பெரும்பாலும் கப்பல் தரைதட்டுவதில்லை. குறைந்த சுமையோடு வருகிறது, அல்லது கடல் மட்டம் உயரும்வரை வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கிறது. பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக மூழ்கினால் 100 டன்னுக்கும் மேல் சரக்கு ஏற்றலாம். பத்து சென்டிமீட்டர் சேறு என்பது ஆயிரம் டன் சரக்கு.

இந்தப் பத்து சென்டிமீட்டரை அளப்பதிலேயே ஒரு வம்பு உண்டு. ஒலியலையை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு ஆழம் காண்கிறார்கள். அதிக அதிர்வெண் கொண்ட ஒலி, குழம்புச் சேற்றின் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும். குறைந்த அதிர்வெண் அதை ஊடுருவிக் கெட்டியான தரையில் பட்டுத் திரும்பும். ஒரே இடத்தில் இரண்டு அளவுகளுக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வருவது உண்டு. எது தரை? தயிர் போன்ற குழம்பைக் கப்பல் கிழித்துக்கொண்டு போய்விடும் என்பதால் ராட்டர்டாம் துறைமுகம் ஆழத்தை அடர்த்தியால் வரையறுத்தது: ஒரு கன மீட்டர் சேற்றின் எடை 1,200 கிலோவை எட்டும் மட்டத்தைத்தான் அங்கே கப்பலுக்கான தரை என்று கொள்கிறார்கள். அதற்கு மேலே இருப்பதை அள்ள வேண்டியதில்லை. துறைமுகமும் தூர்வாரும் ஒப்பந்தக்காரரும் எந்த அதிர்வெண் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளாவிட்டால், முடிவில் அள்ளியது எவ்வளவு என்பதில் சண்டைதான்.

இனி தூர்வாரும் இயந்திரமான டிரெட்ஜருக்கு வருவோம். பல வகைகள் உண்டு. பாறையையும் இறுகிய களிமண்ணையும் உடைக்க, பற்கள் பதித்த சுழலும் தலையைக் கொண்ட வெட்டு டிரெட்ஜர் இருக்கிறது. அது ஓர் எஃகுத் தூணைத் தரையில் ஊன்றி, அதை அச்சாகக் கொண்டு இடவலமாக ஆடியாடி வெட்டும். கப்பல்துறைச் சுவரை ஒட்டிய மூலைகளுக்கு மிதவை மேல் நிறுத்திய பொக்லைனோ, கிரேனில் தொங்கும் கவ்வுவாளியோ போதும். எதையும் அள்ளாமல், தரைக்குள் தண்ணீரைப் பீய்ச்சிச் சேற்றைக் குழம்பாக்கி, அதுவே சரிவில் வழிந்து ஆழமான இடத்துக்குப் போகும்படி விட்டுவிடும் வகையும் உண்டு. ஆனால் கப்பல்கள் ஓடிக்கொண்டிருக்கும் நீண்ட கால்வாயை ஆண்டுதோறும் பராமரிக்கும் வேலையில் முன்னிற்பது இழுவை உறிஞ்சுக் கப்பல்தான். ஊன்றி நிற்காமல் ஓடிக்கொண்டே அள்ளுவதால் எதிரே கப்பல் வந்தால் ஒதுங்கிவிடும்.

அதன் ஒரு நடையைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். கப்பலின் நடுவே பிரம்மாண்டமான திறந்த தொட்டி. பக்கவாட்டில் ஒரு மீட்டர் குறுக்களவுள்ள குழாய் ஒன்று சாய்வாகத் தரைக்கு இறங்குகிறது. அதன் நுனியில் பல டன் எடையுள்ள எஃகுத் தலை. வீட்டுத் தூசி உறிஞ்சும் கருவியின் முனையைப் பெரிதாக்கிப் பற்கள் வைத்தது போல இருக்கும். கப்பல் மனிதன் நடக்கும் வேகத்தில் நகர, தலை தரையை உரசிக்கொண்டு பின்னால் வரும். அதிலிருக்கும் நீர்த்தாரைகள் மண்ணைத் தளர்த்த, பம்பு அதைத் தண்ணீரோடு உறிஞ்சுகிறது. கப்பல் அலையில் ஏறினாலும் இறங்கினாலும் தலை தரையை விட்டு எழும்பக் கூடாது என்பதற்காக, அதைத் தாங்கும் கம்பிவடம் ஒரு நீரழுத்த உருளை வழியாகப் போகிறது. தூண்டிலில் மீன் இழுக்கும்போது நூலை விட்டுப் பிடிப்பது போல அது வடத்தை விட்டுப் பிடிக்கும்.

தண்ணீருக்குள் நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. குழாயை இயக்குபவர் இரண்டு முட்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்: குழாயில் ஓடும் குழம்பின் வேகம், அதன் அடர்த்தி. குழாயின் ஒரு பக்கம் சிறிய கதிரியக்க மூலமும் மறுபக்கம் உணரியும் இருக்கும். எவ்வளவு கதிர் ஊடுருவி வருகிறது என்பதைக் கொண்டு அடர்த்தி தெரிகிறது. அடர்த்தி கடல்நீரின் அளவுக்கு இறங்கினால் தலை தரையைத் தொடவில்லை என்று பொருள். அடர்த்தி திடீரென ஏறி வேகம் விழுந்தால், தலை சேற்றில் புதைந்து குழாய் அடைக்கப் போகிறது. அடர்த்தியும் விழுந்து வேகமும் விழுந்தால் பெரும்பாலும் பழைய கயிறோ, டயரோ, வலையோ வாயை அடைத்திருக்கும். அப்போது குழாயை மேலே தூக்கி, ஆள் இறங்கிக் கையால் பிடுங்கி எடுக்க வேண்டியதுதான்.

தொட்டி நிறைந்ததும் நிறுத்திவிடலாமா? மணலாக இருந்தால் கூடாது. மணல் தொட்டியின் அடியில் உடனே படியும். மேலே நிற்கும் தண்ணீர் ஒரு புனல் வழியாகக் கடலுக்குத் திரும்ப வழிந்தோடும். எனவே தொட்டி தளும்பிய பிறகும் அள்ளிக்கொண்டே போகலாம். கப்பலின் சுமைக்கோடு வரை மணல் சேரும். சேற்றில் கதை வேறு. திரளைகள் தொட்டிக்குள் படிய நேரமில்லை. உள்ளே வரும் குழம்பும் வழிந்து வெளியேறும் குழம்பும் ஏறக்குறைய ஒரே அடர்த்தியாகிவிடும். அப்போது பம்பு ஓடுகிறது, எரிபொருள் எரிகிறது, தொட்டியில் எதுவும் கூடவில்லை. வெளியே கலங்கல் மட்டும் பரவுகிறது. பராமரிப்பு வேலையில் சேறு அள்ளும் கப்பல் தளும்பியதும் நிறுத்துவது சோம்பலால் அல்ல.

ஒரு கற்பனைக் கால்வாயை எடுத்துக் கணக்குப் போடுவோம். நீளம் 10 கிலோமீட்டர், அகலம் 250 மீட்டர், ஆண்டுக்கு 80 சென்டிமீட்டர் தூர்கிறது. அள்ள வேண்டியது 20 லட்சம் கன மீட்டர். நம் கப்பலின் தொட்டி 5,000 கன மீட்டர். நானூறு நடை போதும் என்று தோன்றும். ஆனால் தொட்டியில் இருப்பது சேறு மட்டுமில்லை. தரையில் கிடக்கும் சேறு ஒரு கன மீட்டருக்கு 1,400 கிலோ. கடல்நீர் 1,025 கிலோ. தொட்டியில் சேர்ந்த குழம்பு சராசரியாக 1,250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரைவிடக் கூடுதலாக இருக்கும் எடை குழம்பில் 225 கிலோ, தரைச் சேற்றில் 375 கிலோ. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.6. தளும்ப நிறைந்த தொட்டியில் உண்மையில் 3,000 கன மீட்டர் தரைச்சேறுதான் இருக்கிறது, மிச்சம் தண்ணீர். நானூறு நடை 667 ஆகிறது.

இப்போது நேரம். அள்ள 50 நிமிடம். 11 கிலோமீட்டர் தள்ளிக் கொட்டும் இடம் என்றால் போக அரை மணி, கொட்டப் பத்து நிமிடம், திரும்ப அரை மணி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நடை. பழுது, எரிபொருள், வழிவிடக் காத்திருப்பது எல்லாம் போக நாளுக்குப் பத்து நடை வரும். 67 நாளில் வேலை முடியும். கொட்டும் இடத்தை 33 கிலோமீட்டருக்குத் தள்ளிவையுங்கள். நடைக்கு நான்கு மணி நேரம், நாளுக்கு ஐந்து நடை, 133 நாள். அள்ளும் வேலையில் ஒரு நிமிடம் கூடவில்லை. செலவு ஏறக்குறைய இரட்டித்துவிட்டது. இந்தத் தொழிலில் அள்ளுவது பாதிக் கதைதான். எங்கே வைப்பது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கொட்டும் இடம் அருகில் இருந்தால் மலிவு. ஆனால் அங்கே நம் பாட்டில் மறுபடி வந்து நிற்கிறது. தொட்டியின் அடிக்கதவுகள் திறந்ததும் பெரும்பகுதிச் சேறு ஒரே கட்டியாகச் சில நிமிடங்களில் தரையை அடைந்துவிடும். ஒரு சிறு பங்குதான் தண்ணீரில் தங்கும். அந்தச் சிறு பங்கு இறங்கச் சில மணி நேரம் ஆகும். ஒரு நாட் வேக ஓட்டம் ஆறு மணி நேரத்தில் 11 கிலோமீட்டர் ஓடும். கடல் ஏறும் நேரத்தில் கொட்டினால் அது கால்வாயை நோக்கியே திரும்பக்கூடும். வற்றும் நேரம் பார்த்துக் கொட்டச் சொல்வது இதனால்தான். தரையில் படிந்ததும் அங்கேயே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. அடுத்த புயல் அதைக் கிளப்பினால் சேறு பழைய வீட்டுக்கே திரும்பிவரும். சந்தேகம் வந்தால், ஒளிரும் நிறம் பூசிய துகள்களைக் கொட்டும் இடத்தில் கலந்துவிட்டு, பல வாரம் கழித்துக் கால்வாயில் மாதிரி எடுத்துத் தேடுவார்கள்.

கடலில் கொட்ட எல்லாச் சேறும் தகுதியானதல்ல. கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் 1972-ஆம் ஆண்டு லண்டன் உடன்படிக்கையும், அதன் 1996-ஆம் ஆண்டு நெறிமுறையும் இதற்கு அடிப்படை. நெறிமுறை ஒரு சிறு பட்டியலில் உள்ளவற்றைத் தவிர வேறெதையும் கொட்டக் கூடாது என்கிறது. தூர்வாரிய மண் அந்தப் பட்டியலில் இருக்கிறது, சோதித்து அனுமதி பெற்ற பிறகு. சோதனையில் முதலில் பார்ப்பது துகளின் அளவு. ஈயம், பாதரசம், கப்பலடியில் பூசிய பழைய நஞ்சுப் பூச்சு எல்லாம் நுண்துகளில்தான் ஒட்டும். திறந்த கடலோரத்துச் சுத்தமான மணலைவிட, தொழிற்சாலைகளுக்குக் கீழே இருக்கும் மூலைத் துறையின் கறுப்புச் சேறுதான் ஆபத்தானது. ராட்டர்டாமில் இத்தகைய சேற்றுக்கென்றே ஸ்லுஃப்டர் என்ற பெரிய குழி 1987-இல் திறக்கப்பட்டது. கடல்மட்டத்துக்குக் கீழே ஆழமாகத் தோண்டி, சுற்றிலும் கரை எழுப்பி, சுமார் 15 கோடி கன மீட்டர் கொள்ளும்படி அமைத்தார்கள். சேற்றைக் காற்றுப்படாமல் தண்ணீருக்கு அடியிலேயே வைப்பது, உலோகங்கள் கரைந்து வெளியேறுவதைக் குறைக்கிறது.

மணல் கிடைத்தால் பிரச்சினையே இல்லை. எல்லாரும் கேட்டு வாங்குவார்கள். அரித்துப்போன கடற்கரைக்குக் குழாய் வழியாகவோ, கப்பலின் முன்முனையிலிருந்து வளைவாகப் பீய்ச்சியோ அனுப்பலாம். கால்வாயில் விழுந்த மணல் கரையோர ஓட்டத்துக்குச் சொந்தமானது; அதை ஆழ்கடலில் வீசினால் அடுத்த பக்கக் கரை பட்டினி கிடந்து அரிபடும். கால்வாயைத் தாண்டிய கரையில் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் முறை.

சேற்றை நிலத்தில் வைக்க முயன்றவர்களுக்கு வேறு பாடம் கிடைக்கிறது. கரைகட்டிய வயல் போன்ற பாத்திகளுக்குள் பம்பு செய்தால், அதன் மேற்பரப்பு சில மாதங்களில் வெடித்துப் பொருக்காகும். ஆள் நடக்கலாம் போலத் தோன்றும். அடியில் இன்னும் குழம்பு. வேலியும் எச்சரிக்கைப் பலகையும் இல்லாத பாத்தி ஓர் உயிர்ப்பொறி. தண்ணீர் வடிய ஓரங்களில் வாய்க்கால் கீறி, பொருக்கு தடிக்கத் தடிக்க அதை ஆழமாக்கிக்கொண்டே போக வேண்டும், ஆண்டுக்கணக்கில் ஆகும். கடற்சேற்றில் இரும்புச் சல்ஃபைடு இருந்தால் இன்னொரு தொல்லை. காற்றுப் பட்டதும் அது கந்தக அமிலமாக மாறி, வடியும் தண்ணீரைப் புளிப்பாக்கும், புல் முளைக்க விடாது.

இத்தனை தொல்லைக்கு நடுவிலும் சேற்றை மண்ணாகவே பயன்படுத்திய ஓர் இடம் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் இருக்கும் பாப்ளர் தீவு. 1847-இல் 1,100 ஏக்கருக்கு மேல் இருந்த தீவு அலையில் கரைந்து கரைந்து, 1990-களில் சுமார் ஐந்து ஏக்கர் திட்டுகளாகச் சிதறிக் கிடந்தது. பால்டிமோர் துறைமுகத்துக்குப் போகும் கால்வாய்களில் அள்ளும் சேற்றுக்கு இடம் தேடியவர்கள், 1998-இல் தீவின் பழைய எல்லையைச் சுற்றிக் கரை எழுப்பத் தொடங்கினார்கள். உள்ளே பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாகச் சேற்றால் நிரப்பினார்கள். ஒரு பகுதி மேட்டுநிலம், மற்றது கடல் ஏறி இறங்கும் சதுப்பு.

மேட்டுநிலத்தில் ஓரடி கூடினால் பரவாயில்லை. சதுப்பில் சில சென்டிமீட்டர் தவறினாலும் கதை மாறிவிடும்: தாழ்ந்தால் புல் மூழ்கிச் சாகும், உயர்ந்தால் உப்புநீர் எட்டாமல் வேறு செடி முளைக்கும். பம்பு செய்த சேறோ தண்ணீர் வடிய வடியச் சுருங்கிக்கொண்டே போகும். ஆகவே சில ஆண்டுகள் கழித்துச் சேறு எந்த மட்டத்தில் வந்து நிற்கும் என்று முன்கூட்டியே கணித்து, அந்த அளவுக்கு உயர்த்தி நிரப்புகிறார்கள். சுருங்கி நின்ற பிறகு நீரோடைகளை வெட்டி, புல் நாற்று நட்டு, கரையைத் திறந்து கடலை உள்ளே விடுகிறார்கள். அங்கே இப்போது ஆமைகள் முட்டையிடுகின்றன.